125 கிலோவா, 305 கிலோவா... எது நல்ல விற்பனை? நாட்டுக்கோழிப் பண்ணைக்குப் பருவக் கணக்கு

புரட்டாசியில் 125 கிலோ விற்ற நாட்டுக்கோழிப் பண்ணை, ஐப்பசியில் 305 கிலோ விற்கிறது. ஒரே மாதத்தில் இரண்டரை மடங்கு. பண்ணைக்காரருக்கு மகிழ்ச்சி. வங்கியில் கேட்டு இன்னொரு கொட்டகை போடலாமா என்று வீட்டில் பேச்சு எழுகிறது. ஆனால், அதே பண்ணையின் வாடிக்கை அந்த மாதம்தான் குறையத் தொடங்கியது என்றால் நம்ப முடியுமா? தீபாவளிக் கூட்டம் அதை மறைத்துவிட்டது.

புரட்டாசியில் பலர் கறி சாப்பிடுவதில்லை. ஐப்பசியில் தீபாவளி வருகிறது. கார்த்திகையும் மார்கழியும் மாலை போடும் காலம். தையில் மாட்டுப் பொங்கலும் காணும் பொங்கலும், ஆடியில் அம்மன் கோயில் கொடையும் கூழும். ஆக, கோழி விற்பனை மாதத்துக்கு மாதம் ஏறி இறங்குவது இயற்கை. அந்த ஏற்ற இறக்கத்தைக் கழித்துவிட்டு, 'வாடிக்கை வளர்கிறதா, தேய்கிறதா' என்று பார்ப்பதற்குத்தான் பருவக் குறியீட்டெண் பயன்படுகிறது. கணக்கு கடினமில்லை. ஆனால், குறியீட்டெண் ஒரு மாதத்துக்குத் தப்பாகிவிட்டால், அதை நம்பி விடும் குஞ்சுகளின் எண்ணிக்கையும் தப்பாகிவிடும். எனவே, கணக்குப் போடுவதைவிடப் போட்ட கணக்கைச் சரிபார்ப்பது முக்கியம்.

இங்கே விளக்கத்துக்காக ஓர் எடுத்துக்காட்டுப் பண்ணை. கணவனும் மனைவியும் பார்த்துக்கொள்ளும் சிறிய பண்ணை. பெரும்பாலான மாதங்களில் 200 முதல் 300 கிலோ வரை உயிர் எடையில் விற்பனை. நான்கு ஆண்டு நோட்டு கைவசம் இருக்கிறது. ஐந்தாம் ஆண்டு விற்பனையைத்தான் எடைபோட வேண்டும்.

தமிழ் மாதத்தில் எழுதுங்கள், கிலோவில் எழுதுங்கள்

கோழிக்கு இங்கிலீஷ் மாதக் கணக்கு ஒத்துவராது. புரட்டாசி, செப்டம்பர் நடுவில் தொடங்கி அக்டோபர் நடுவில் முடிகிறது. பாதிச் சரிவு செப்டம்பரிலும் பாதி அக்டோபரிலும் விழும். தீபாவளியும் ஓரிடத்தில் நிற்காது. 2023-ல் நவம்பர் 12, 2024-ல் அக்டோபர் 31, 2025-ல் அக்டோபர் 20. இங்கிலீஷ் மாதத்தில் கணக்கு வைத்தால் அக்டோபர் ஓர் ஆண்டு வெறும் புரட்டாசி மாதமாகவும், இன்னோர் ஆண்டு தீபாவளி மாதமாகவும் மாறிவிடும். அந்த மாதத்துக்கு ஒரே குறியீட்டெண் போடவே முடியாது. தமிழ் மாதத்தில் இந்த மூன்று தீபாவளியும் ஐப்பசிக்குள் அடங்கிவிடுகின்றன.

அதேபோல, ரூபாயில் எழுதினால் விலை ஏற்றமும் விற்பனையில் கலந்துவிடும். தீபாவளிக்கு விலையும் ஏறும், எடையும் ஏறும். எது எவ்வளவு என்று பிரிக்க முடியாது. ஆகவே கிலோ கணக்கு.

குறியீட்டெண் எப்படி வருகிறது?

முதலில் 12 மாத சராசரி எடுக்க வேண்டும். முதலாண்டு சித்திரை முதல் பங்குனி வரையிலான மொத்தம் 2,640 கிலோ என்றால், சராசரி 220. அடுத்து ஒரு மாதம் நகர வேண்டும். பழைய சித்திரையை விட்டுவிட்டு அடுத்த சித்திரையைச் சேர்த்தால் மொத்தம் 2,664; சராசரி 222. இதைத்தான் நகரும் சராசரி என்கிறார்கள். எந்த 12 மாதத்தை எடுத்தாலும் அதில் ஒரு புரட்டாசியும் ஒரு தீபாவளியும் இருக்கும். அதனால் இந்தச் சராசரியில் பருவத்தின் பாதிப்பு இருக்காது.

இங்கேதான் பலர் ஒரு படியைத் தாண்டிவிடுகிறார்கள். 12 மாதத்துக்கு நடு மாதம் என்று ஒன்று கிடையாது. முதல் சராசரியான 220, புரட்டாசிக்கும் ஐப்பசிக்கும் இடையில் நிற்கிறது. அடுத்த சராசரியான 222, ஐப்பசிக்கும் கார்த்திகைக்கும் இடையில் நிற்கிறது. இரண்டையும் கூட்டி இரண்டால் வகுத்தால் வரும் 221-தான் ஐப்பசிக்கு நேராக நிற்கும் எண். அந்த ஐப்பசியில் விற்றது 301 கிலோ. 301-ஐ 221-ஆல் வகுத்து 100-ஆல் பெருக்கினால் 136. 'வழக்கமான மாதத்தில் 100 கிலோ விற்கும் பண்ணை, ஐப்பசியில் 136 கிலோ விற்கும்' என்பது இதன் பொருள்.

இப்படி ஒவ்வொரு மாதமாக நகர்ந்து போனால், தொடக்கத்தில் ஆறு மாதமும் கடைசியில் ஆறு மாதமும் கணக்கில் வராமல் போகும். 48 மாத நோட்டில் 36 மாதத்துக்குத்தான் விகிதம் கிடைக்கும். அதாவது, ஒவ்வொரு மாதத்துக்கும் மூன்று விகிதங்கள். அந்த மூன்றிலிருந்து ஓர் எண்ணைத் தேர்ந்தால், அதுதான் அந்த மாதத்தின் பருவக் குறியீட்டெண்.

கூட்டுத்தொகை 1200... அது போதுமா?

புத்தகங்கள் சொல்லும் முதல் சோதனை, 12 குறியீட்டெண்களையும் கூட்டிப் பார்ப்பது. ஒரு மாதத்துக்குச் சராசரி 100 என்றால் 12 மாதத்துக்கு 1200 வர வேண்டும். 1196, 1203 என்று சிறிது தள்ளி வருவது இயல்பு. 1200-ஐ அந்தக் கூட்டுத்தொகையால் வகுத்து, வரும் எண்ணால் எல்லா மாதத்தையும் பெருக்கினால் சரியாகிவிடும். 1240, 1150 என்று வெகுதூரம் தள்ளி வந்தால் எங்கோ கூட்டலில் பிழை அல்லது ஒரு மாதம் விடுபட்டிருக்கிறது.

நமது பண்ணையில் மூன்று விகிதங்களுக்கும் சராசரி எடுத்து, 12 மாதத்தையும் கூட்டியபோது 1201 வந்தது. 'கணக்கு சரி' என்று நோட்டை மூடிவிட்டார்கள். அந்தக் கணக்கின்படி, இந்த ஆண்டு ஐப்பசி முதல் மாசி வரை பருவம் நீக்கிய விற்பனை இப்படி இருந்தது: 219, 217, 215, 214, 245. நான்கு மாதமாகச் சோர்ந்து கிடந்த விற்பனை மாசியில் 245-க்கு எழுந்துவிட்டது. அதை நம்பிப் பங்குனியில் கூடுதலாகக் குஞ்சு விடலாம் என்று முடிவாகிறது.

உண்மையில் மாசியில் எதுவும் எழவில்லை. தப்பு, மாசியின் குறியீட்டெண்ணில் இருந்தது.

மாசிக்குக் கிடைத்த மூன்று விகிதங்கள்: 96, 60, 94. நடுவில் இருக்கும் 60 ஏன்? நோட்டைப் புரட்டினால் தெரிகிறது. அந்த ஆண்டு தை கடைசியில் வெள்ளைக்கழிச்சல் தாக்கி, வளர்ந்த கோழிகளில் பெரும்பகுதி போய்விட்டது. மாசியில் கேட்டு வந்தவர்களுக்குக் கொடுக்கக் கோழி இல்லை. வாடிக்கையாளர் குறையவில்லை, சரக்குதான் இல்லை. அந்த 60-ஐயும் சேர்த்துச் சராசரி எடுத்ததால் மாசியின் குறியீட்டெண் 83 ஆகிவிட்டது. 'மாசி மந்தமான மாதம்' என்று கணக்கு தப்பாகக் கற்றுக்கொண்டது. அதனால், இந்த ஆண்டு மாசியில் சாதாரணமாக விற்ற 203 கிலோ அதற்குப் பெரிய சாதனையாகத் தெரிந்தது.

அப்படியானால் கூட்டுத்தொகை எப்படி 1201 வந்தது? காரணம் எளிது. நோய் வந்த அந்த மாசி, தன்னைச் சுற்றியுள்ள மாதங்களின் நகரும் சராசரியையும் கீழே இழுத்துவிட்டது. வகுக்கும் எண் சிறிதானால் விடை பெரிதாகும். அதனால்தான் அதே ஆண்டின் ஐப்பசி விகிதம், மற்ற ஆண்டுகளில் 136, 137 என்று இருக்க, 143 ஆகிவிட்டது. மாசியில் குறைந்த பதினோரு புள்ளி, மற்ற பதினோரு மாதங்களில் ஆளுக்கு ஒன்றாகப் பரவிவிட்டது. மொத்தம் மட்டும் மாறவில்லை. ஆகவே, 1200 வந்தால் கூட்டல் சரி என்று மட்டுமே பொருள். ஒவ்வொரு மாதமும் சரி என்று பொருள் இல்லை.

நடு எண்ணை எடுங்கள்

இதற்கு மருந்து, சராசரிக்குப் பதிலாக நடு எண்ணை எடுப்பது. மூன்று விகிதங்களையும் சிறிதிலிருந்து பெரிதாக எழுதி, நடுவில் இருப்பதை எடுத்துக்கொள்ள வேண்டும். மாசிக்கு 60, 94, 96. நடு எண் 94. ஐப்பசிக்கு 136, 137, 143. நடு எண் 137. நோய் ஆண்டின் எண்கள் ஓரத்துக்குப் போய்விடுகின்றன.

இப்படி எடுத்த 12 நடு எண்களின் கூட்டுத்தொகை 1194. 1200-ஐ 1194-ஆல் வகுத்தால் 1.005. எல்லாவற்றையும் 1.005-ஆல் பெருக்கி, முழு எண்ணாக்கினால் ஐப்பசி 138, மாசி 94. வரிசை முக்கியம். முதலில் விகிதங்களைப் பார்த்து ஒவ்வாததை ஒதுக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் 1200-க்குச் சரிசெய்ய வேண்டும். ஒவ்வாத எண்ணை உள்ளே வைத்துக்கொண்டே 1200-க்குச் சரிசெய்தால் பிழை மறையுமே தவிர நீங்காது.

திருத்திய கணக்கு, ஐந்தாம் ஆண்டு முழுவதற்கும் இதோ. விற்றதைக் குறியீட்டெண்ணால் வகுத்து 100-ஆல் பெருக்கினால் கடைசி வரிசை வரும்.

| மாதம் | குறியீட்டெண் | விற்றது (கிலோ) | பருவம் நீக்கியது (கிலோ) |
|---|---|---|---|
| சித்திரை | 112 | 280 | 250 |
| வைகாசி | 108 | 267 | 247 |
| ஆனி | 98 | 244 | 249 |
| ஆடி | 116 | 285 | 246 |
| ஆவணி | 96 | 237 | 247 |
| புரட்டாசி | 52 | 125 | 240 |
| ஐப்பசி | 138 | 305 | 221 |
| கார்த்திகை | 82 | 180 | 220 |
| மார்கழி | 78 | 170 | 218 |
| தை | 124 | 268 | 216 |
| மாசி | 94 | 203 | 216 |
| பங்குனி | 102 | 219 | 215 |
| மொத்தம் | 1200 | 2,783 | 2,785 |

கடைசி வரிசையை நம்பலாமா?

நம்புவதற்கு முன் மூன்று பார்வை பார்க்க வேண்டும்.

முதல் பார்வை, திசை. குறியீட்டெண் 100-க்குக் கீழே உள்ள மாதத்தில், பருவம் நீக்கிய எண் விற்றதைவிட அதிகமாக இருக்க வேண்டும். 100-க்கு மேலே உள்ள மாதத்தில் குறைவாக இருக்க வேண்டும். புரட்டாசியில் 125 என்பது 240 ஆகிறது, சரி. ஐப்பசியில் 305 என்பது 221 ஆகிறது, சரி. வகுப்பதற்குப் பதில் யாராவது பெருக்கியிருந்தால் புரட்டாசி 65, ஐப்பசி 421 என்று வந்திருக்கும். மேடு இன்னும் மேடாகும், பள்ளம் இன்னும் பள்ளமாகும். அதைக் கண்டாலே பிழை புரிந்துவிடும்.

இரண்டாம் பார்வை, ஆண்டு மொத்தம். பருவத்தை நீக்குவது என்பது நல்ல மாதத்தில் எடுத்து மந்த மாதத்தில் வைப்பது போன்றது. ஆண்டு முழுவதும் பார்த்தால் மொத்தம் ஏறக்குறைய அதேதான் இருக்க வேண்டும். இங்கே 2,783-க்கு எதிரே 2,785. சரியாக ஒன்றுபோல வராது. ஆனால், 3,000 என்றோ 2,500 என்றோ வந்தால் குறியீட்டெண்களை மறுபடி பார்க்க வேண்டும்.

மூன்றாம் பார்வைதான் கூர்மையானது. தனியாக நிற்கும் மாதம் எது? ஒரு மாதம் மட்டும் மேடாகி, அடுத்த மாதமே பழைய இடத்துக்குத் திரும்பினால், வாடிக்கையைவிட முதலில் கணக்கைத்தான் சந்தேகிக்க வேண்டும். பழைய கணக்கில் மாசி 245-க்கு அடுத்துப் பங்குனி 213 என்று வந்திருக்கும். வந்த வாடிக்கையாளர்கள் ஒரே மாதத்தில் ஓடிப்போக மாட்டார்கள்.

ஐப்பசி அப்படியில்லை. புரட்டாசி வரை 240-க்கு மேல் இருந்தது 221-க்கு இறங்கியது. கார்த்திகை, மார்கழி, தை என்று தொடர்ந்து அந்த மட்டத்திலேயே நிற்கிறது. இது குறியீட்டெண் பிழை இல்லை. எடுத்துக்காட்டில் காரணம் இதுதான். வாரம் ஆறு கிலோ எடுத்துக்கொண்டிருந்த சாப்பாட்டுக் கடை, புரட்டாசியில் நிறுத்தியது. பிறகு வேறு பண்ணையில் வாங்கத் தொடங்கிவிட்டது. மாதம் 26 கிலோ போய்விட்டது. தீபாவளிக் கூட்டத்தில் அந்த இழப்பு கண்ணில் படவில்லை. பருவம் நீக்கிய கணக்கு இருந்திருந்தால், ஐப்பசி முடிந்ததுமே அந்தக் கடைக்காரரைப் போய்ப் பார்த்திருக்கலாம்.

ஞாயிறுகளை எண்ணுங்கள்

குறியீட்டெண் சரியாக இருந்தும் ஒரு மாதம் தனியாக மேடானால், காலண்டரை எடுத்து ஞாயிறுகளை எண்ணிப் பாருங்கள். மாத விற்பனையில் பாதி ஞாயிறுகளில் நடக்கும் பண்ணையில், நான்கு ஞாயிறுக்குப் பதில் ஐந்து வந்தால் விற்பனை சுமார் பத்தில் ஒரு பங்கு கூடும். அமாவாசை ஞாயிறன்று விழுந்தால் அந்த வாரம் குறையும். இது ஆண்டுக்கு ஆண்டு இடம் மாறுவதால் குறியீட்டெண்ணில் அடங்காது. அந்த மாத நோட்டின் ஓரத்தில் 'ஐந்து ஞாயிறு' என்று எழுதிவைத்தால், பின்னால் குழப்பம் வராது. 'கோழி இல்லை', 'நோய்', 'ஊர்த் திருவிழா' போன்றவற்றையும் அப்படியே எழுத வேண்டும். மூன்று ஆண்டு கழித்து அந்த 60 எங்கிருந்து வந்தது என்று சொல்லப்போவது அந்த ஓரக்குறிப்புதான்.

குஞ்சு எத்தனை விடுவது?

இந்தக் கணக்கின் பயன் இங்கேதான். இந்தப் பண்ணையில் குஞ்சு விட்டு விற்பனைக்கு வர சுமார் மூன்று மாதம் ஆகிறது. பங்குனியில் விடும் குஞ்சு ஆனியில் விற்கும். ஆகவே, பங்குனி சந்தையைப் பார்த்துக் குஞ்சு விடக் கூடாது. பருவம் நீக்கிய விற்பனையை ஆனியின் குறியீட்டெண்ணால் பெருக்க வேண்டும்.

மாசி முடிவில் திருத்திய எண் 216. அதை 98-ஆல் பெருக்கி 100-ஆல் வகுத்தால் ஆனியில் 212 கிலோ எதிர்பார்க்கலாம். ஒரு கோழி சராசரி 1.25 கிலோ என்றால் 170 கோழி. நூற்றுக்கு ஐந்து இறப்பு என்று வைத்தால் 179 குஞ்சு. பழைய பிழையான 245-ஐ நம்பியிருந்தால் 240 கிலோ, 192 கோழி, அதாவது சுமார் 202 குஞ்சு விட்டிருப்பார்கள். ஆனியில் இருபதுக்கும் மேற்பட்ட கோழிகள் விற்காமல் தேங்கும். விற்பனை எடையைத் தாண்டிய கோழி அதற்குமேல் தின்னும் தீவனம் அப்படியே நஷ்டம். அதே பிழையோடு மாதாமாதம் குஞ்சு விட்டால் தேக்கமும் மாதாமாதம் சேரும்.

அதேபோல, ஆனியில் விடும் குஞ்சு புரட்டாசியில் விற்க வேண்டும். 216-ஐ 52-ஆல் பெருக்கி 100-ஆல் வகுத்தால் 112 கிலோ. அதற்கு 90 கோழி, 95 குஞ்சு போதும். பங்குனியில் விட்டதில் ஏறக்குறைய பாதி. ஆனியில் கொட்டகை காலியாகத் தெரிகிறதே என்று நிரப்பினால், புரட்டாசியில் அழுதுகொண்டே விலை குறைத்து விற்க நேரும்.

இதைப் படிக்கும்போது எழும் கேள்விகள்

*இரண்டு ஆண்டு நோட்டுதான் இருக்கிறது. குறியீட்டெண் போடலாமா?*

இரண்டு ஆண்டில் ஒவ்வொரு மாதத்துக்கும் ஒரே ஒரு விகிதம்தான் கிடைக்கும். அந்த மாதத்தில் நோயோ சரக்குத் தட்டுப்பாடோ இருந்தால் கண்டுபிடிக்க வழியில்லை. அதுவரை, இந்தப் புரட்டாசியைப் போன புரட்டாசியோடும், இந்த ஐப்பசியைப் போன ஐப்பசியோடும் ஒப்பிடுவது பாதுகாப்பானது. நான்கு ஆண்டு நோட்டு இருந்தால்தான் மூன்று விகிதமும் நடு எண்ணும் கிடைக்கும்.

*நகரும் சராசரி எல்லாம் எதற்கு? ஒவ்வோர் ஆண்டின் சராசரியால் வகுத்தால் போதாதா?*

விற்பனை நான்கு ஆண்டும் ஒரே மட்டத்தில் இருந்தால் போதும். வளர்ந்துகொண்டிருக்கும் பண்ணையில் ஆண்டுக் கடைசி மாதங்கள் வளர்ச்சியாலேயே பெரிதாகத் தெரியும். கணக்கு அதையும் பருவம் என்று எடுத்துக்கொள்ளும். அப்படி நடந்திருப்பதற்கு ஓர் அடையாளம் உண்டு. பருவம் நீக்கிய எண்கள் ஆண்டு முழுவதும் சமமாகப் போய், ஒவ்வொரு சித்திரையிலும் படிக்கட்டுபோல ஒரு துள்ளல் துள்ளும். அதைக் கண்டால் நகரும் சராசரிக்கு மாறிவிட வேண்டும்.

*ஒருமுறை போட்ட குறியீட்டெண் எத்தனை ஆண்டுக்கு உதவும்?*

ஆண்டுக்கு ஒருமுறை, பங்குனி முடிந்ததும் புதிய ஆண்டைச் சேர்த்து மறுபடி போட வேண்டும். ஒரே மாதம் இரண்டு மூன்று ஆண்டாகத் தொடர்ந்து மேடாகவோ பள்ளமாகவோ வந்தால், ஊரின் பழக்கமே மாறியிருக்கிறது என்று பொருள். புதிதாக ஒரு கோயில் திருவிழா தொடங்கியிருக்கலாம், பக்கத்தில் வாரச்சந்தை வந்திருக்கலாம். அப்போது பழைய ஆண்டுகளை விட்டுவிட்டு அண்மை ஆண்டுகளை மட்டும் எடுத்துக்கொள்வது நல்லது.